பெயின்ட் கேஜும் பேனல் கேப்பும்: பழைய காரில் மறைத்த வேலையை அறிகுறி வாரியாகக் கண்டுபிடிப்பது

பெயின்ட் கேஜ் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: உலோகத்தின் மேல் எத்தனை மைக்ரான் கனத்துக்குப் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு கீறலை மறைக்க அடித்ததா, மோதலை மறைக்க அடித்ததா என்பதை எண் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு இன்னும் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். அந்த எண் காரின் எந்த இடத்தில் வந்தது, அதே பேனலுக்குள் எவ்வளவு ஏறி இறங்கியது, பக்கத்துப் பேனலோடு சேரும் இடத்தில் உள்ள இடைவெளியான கேப் நேராக இருக்கிறதா. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்த மூன்றோடு சேர்த்துப் படியுங்கள்.

அளக்கத் தொடங்கும் முன்

கேஜோடு ஒரு இரும்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு, கனம் அச்சிட்ட சில பிளாஸ்டிக் தாள்கள் வரும். முதலில் வெறும் தகட்டில் வைத்து ஜீரோ செய்யுங்கள். பிறகு 100 மைக்ரானுக்கு அருகில் உள்ள தாளைத் தகட்டின் மேல் போட்டு அளந்து பாருங்கள். காட்டும் எண் தாளில் அச்சிட்டதிலிருந்து ஐந்து மைக்ரானுக்கு மேல் விலகினால், அதைச் சரிசெய்யாமல் காரைத் தொட வேண்டாம். குளிர்ந்த அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்து வந்த கேஜைப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஜீரோ செய்வது நல்லது.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தூசி இருந்தால் துடைத்துவிடுங்கள். நுனியைப் பரப்புக்குச் செங்குத்தாக அழுத்திப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் எண் கூடும். பேனல் ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று சென்டிமீட்டர் உள்ளே, கூடிய மட்டும் தட்டையான இடத்தில் அளக்க வேண்டும். உருண்ட மடிப்புகளில் வரும் 30, 40 மைக்ரான் வித்தியாசத்தைப் பார்த்துப் பலர் ரீபெயின்ட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது வளைவினால் வருவது.

இனி அடிப்படை எண். பெரும்பாலான கார்களில் தொழிற்சாலைப் பெயின்ட் மொத்தமாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். சில கார்களில் 80, சிலவற்றில் 180 கூட இயல்புதான். அதனால் பொது எண்ணை மனப்பாடம் செய்து பயனில்லை, அந்தக் காரின் சொந்த எண் வேண்டும். கூரையில் ஐந்து இடம் அளந்து அதை அடிப்படையாக வையுங்கள், கூரை அடிபடுவது அபூர்வம். இரட்டை நிறக் கார்களில் மட்டும் கூரைக்குக் கூடுதல் பூச்சு இருக்கலாம், அவற்றில் எண்கள் ஒத்துப்போகும் இரண்டு கதவுகளை அடிப்படையாகக் கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பேனலிலும் குறைந்தது ஆறு இடம், மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று. கதவின் அடிப்பகுதியையும் சக்கர வளைவையும் விட்டுவிடாதீர்கள். பள்ளத்தை நிரப்பி மட்டம் செய்யப் பூசும் பட்டி அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

அறிகுறி: கேஜ் எண்ணே காட்டவில்லை

பம்பரில் இப்படித்தான் இருக்கும், பிளாஸ்டிக்கை இந்தக் கேஜால் அளக்க முடியாது. சில கார்களில் முன் சக்கரத்தை மூடும் ஃபெண்டரும் டிக்கிக் கதவும்கூட பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். பானட்டில் மட்டும் எண் வரவில்லை என்றால் அது அலுமினியமாக இருக்கலாம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான கேஜ்கள் அங்கே வேலை செய்யாது. இரண்டையும் அளக்கும் கேஜ் இரும்புக்கு Fe என்றும் அலுமினியத்துக்கு NFe என்றும் திரையில் காட்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கதவு முழுக்க Fe காட்டிவிட்டு ஒரே ஒரு திட்டில் மட்டும் NFe வந்தால் அதைக் கேஜின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. அலுமினியத் தூள் கலந்த பட்டியைத் தடிமனாகப் போட்டிருந்தால், அடியிலுள்ள இரும்பு கேஜின் எட்டலுக்கு வெளியே போய்விடும். கேஜ் அந்தத் தூளையே உலோகமாக எடுத்துக்கொண்டு, சில நேரம் சாதாரணமான எண்ணைக்கூடக் காட்டும். எண்ணைப் பார்ப்பது போலவே Fe, NFe குறியையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

அறிகுறி: கார் முழுக்க ஒரே சீராக 250க்கு மேல்

முதலில் பேனல் ஓரங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதுவே 150 முதல் 200 மைக்ரான் சேர்க்கும். ஓரத்தில் மெல்லிய படி ஒன்று நகத்தில் தட்டும். செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான்தான், அதைக் காரணமாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். படலமும் இல்லையென்றால் முழுக் காரும் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்து உள் விளிம்பின் நிறத்தையும், பதிவு ஆவணத்தில் உள்ள நிறத்தையும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: ஒரு பேனல் மட்டும் 180 முதல் 300 வரை, சீராக

இது ஒரு தடவை மறுபடி அடித்த பெயின்ட். பழைய பெயின்டைத் தேய்த்துவிட்டு, அடிப்பூச்சான பிரைமர், நிறம், அதன் மேல் நிறமில்லாத கிளியர் என்று மேலே ஏற்றியிருப்பார்கள். பேனல் முழுக்க எண் 40 மைக்ரானுக்குள் ஏறி இறங்கினால் அடியில் பட்டி இல்லை என்று நம்பலாம். பெரும்பாலும் கீறலுக்காக அடித்ததாக இருக்கும்.

ஆனால் 160, 190 போன்ற எண்ணோடு ஒரு கதவு வந்தால், அந்தக் கதவைச் சந்தேகிப்பதற்கு முன் அதன் பக்கத்துப் பேனலைப் பாருங்கள். மெட்டாலிக் நிறங்களில் ஒரு பேனலை மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது. அதனால் பெயின்டர் பக்கத்துப் பேனலின் பாதி வரை நிறத்தைக் கலைத்துக் கொண்டுபோய், அந்தப் பேனல் முழுக்க கிளியர் அடிப்பார். அப்படிப்பட்ட பேனலில் எண் ஒரு முனையில் குறைந்தும் மறுமுனையில் கூடியும் இருக்கும். எந்த முனை கூடுகிறதோ, உண்மையான சேதம் அந்தத் திசையில் உள்ள அடுத்த பேனலில்தான்.

அறிகுறி: ஒரே திட்டில் 600, 1000, 1500

இது பட்டி. மறுபடி அடித்த பெயின்ட் மட்டும் அவ்வளவு கனம் வராது. சில கேஜ்கள் ஓர் எல்லைக்கு மேல் எண்ணையே காட்டாமல் எல்லை தாண்டியதற்கான குறியைக் காட்டும், அதையும் பட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திட்டின் உருவத்தை வரைய வேண்டும். நடுவில் தொடங்கி, இரண்டிரண்டு சென்டிமீட்டராக நான்கு திசையிலும் நகர்த்தி, எண் 300க்குக் கீழே இறங்கும் இடங்களை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். குறிகள் உள்ளங்கை அளவுக்குள் அடங்கி, நடுவில் 800ஐத் தாண்டவில்லை என்றால் பார்க்கிங்கில் வாங்கிய பள்ளமாக இருக்கலாம். திட்டு நீளவாக்கில் ஒரு கதவில் தொடங்கி அடுத்த கதவிலும் அதே உயரத்தில் தொடர்ந்தால், பக்கவாட்டில் உரசலோடு சேர்ந்த இடி வாங்கியிருக்கிறது. எண் 2000ஐத் தாண்டினால் தகட்டை ஒழுங்காக இழுத்து நேராக்காமல், பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி மட்டம் செய்திருக்கிறார்கள். வெயிலிலும் அதிர்விலும் அந்தப் பட்டி பிளக்கும். பிளவுக்குள் தண்ணீர் இறங்கினால் துரு அடியிலிருந்து கிளம்பும்.

இன்னொரு வடிவம் மிக முக்கியம். பேனல் முழுக்க 220 இருந்து, ஒரு ஒடுக்கமான பட்டையில் மட்டும் 700க்குத் தாவி, மறுபடி 110க்கு விழுந்தால், அந்தப் பட்டை பெரும்பாலும் வெட்டி வெல்டு வைத்த இணைப்பு. இதைத் தேட வேண்டிய இடங்கள் பின் கண்ணாடியை ஒட்டிக் கூரையைத் தாங்கும் பில்லரும், கதவுக்குக் கீழே உள்ள சில்லும். பின் கதவுக்கும் பின் விளக்குக்கும் நடுவே உள்ள குவார்ட்டர் பேனலைக் கழற்றி மாட்ட முடியாது. மாற்றினால் இந்த இடங்களில்தான் வெட்டுவார்கள்.

அறிகுறி: எண் மிகக் குறைவு

அடிப்படை 110 உள்ள காரில் ஓர் இடத்தில் 65 வந்தால், அந்த இடத்தைப் பாலிஷ் மெஷினால் அதிகம் தேய்த்திருக்கிறார்கள். இது மோதலின் அடையாளம் ஆகாது. ஆனாலும் அங்கே கிளியர் மெலிந்துவிட்டது, இன்னொரு பாலிஷைத் தாங்காது. கதவு உள் விளிம்பிலும் பானட்டுக்கு அடியிலும் 60, 80 வருவது தொழிற்சாலை இயல்பு. அங்கே பூச்சு குறைவாகவே அடிக்கப்படும்.

அறிகுறி: பில்லரிலோ சில்லிலோ எண் அதிகம்

கதவைத் திறந்து, நடு பில்லரின் உள் பக்கத்தையும் சில்லின் மேல் பக்கத்தையும் அளங்கள். இங்கே எண் வெளிப் பேனலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் நிறுத்திக் கவனிக்க வேண்டிய நேரம் இது. கீறல் விழாத இடத்துக்கு யாரும் அழகுக்காகப் பெயின்ட் அடிப்பதில்லை. சில்லின் வெளிப்புறக் கீழ்ப்பகுதி மட்டும் விதிவிலக்கு. கல் தெறிப்பைத் தாங்க அங்கே தொழிற்சாலையிலேயே ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பான கனத்த பூச்சு போடுவார்கள். இடது வலது இரண்டிலும் எண்ணும் சொரசொரப்பும் ஒன்றாக இருந்தால் கவலை இல்லை.

அறிகுறி: எண் சரி, கேப் சரியில்லை

கேப்பை அளக்க ஆப்பு வடிவ அளவுகோல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வங்கி அட்டை அளவுள்ள பிளாஸ்டிக் அட்டைகள் போதும், ஒவ்வொன்றும் சுமார் 0.76 மில்லிமீட்டர். ஐந்து அட்டை இறுக்காமல் நுழைந்தால் கேப் 3.8. ஒவ்வொரு கேப்பையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, எதிர்ப்பக்கத்து எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான கார்களில் கேப் 3 முதல் 5 மில்லிமீட்டர். அந்த எண் எவ்வளவு என்பதைவிட, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசமும், ஒரே கேப் ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் விரிவதும்தான் பேசும். ஒரு மில்லிமீட்டர் வரை மன்னிக்கலாம், ஒன்றரையைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

முன் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள கேப் மேலே விரிந்து கீழே நெருங்கி, கதவின் பின் முனை சற்றுத் தாழ்ந்திருந்தால் முதலில் கீலைச் சோதியுங்கள். கதவைப் பாதி திறந்து பின் முனையைக் கையால் மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் மேல் கீல் தேய்ந்திருக்கிறது. அதற்கும் மோதலுக்கும் சம்பந்தமில்லை. அதே கேப் இதற்கு நேர்மாறாக, மேலே நெருங்கி கீழே விரிந்திருந்தால் கீல் தேய்மானம் அதை விளக்காது. காரின் மூக்குப் பகுதி மேல்நோக்கி வளைந்தால் இப்படி ஆகும்.

பானட்டின் இரு பக்கக் கேப்பும் எதிரெதிராக ஒடுங்கினால், அதாவது இடதுபுறம் முன்னோக்கிப் போகப் போக நெருங்கி, வலதுபுறம் விரிந்தால், இரண்டு காரணங்கள் இருக்கலாம். பானட் கீலில் திரும்பி மாட்டியிருக்கலாம், அல்லது காரின் முன்பகுதியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். பிரித்தறிய ஃபெண்டர்–கதவுக் கேப்புகளுக்குப் போங்கள். அவை இரு பக்கமும் ஒன்றாக இருந்து, பானட்டின் பின் விளிம்பு மட்டும் முன் கண்ணாடிக்கு இணையாக இல்லாமல் கோணலாக இருந்தால் பானட்டை மாட்டியதில்தான் தவறு, கீல் போல்ட்டைத் தளர்த்தி நேர்செய்துவிடலாம். ஃபெண்டர்–கதவுக் கேப் ஒரு பக்கம் விரிந்து எதிர்ப்பக்கம் நெருங்கியிருந்தால் அடிச்சட்டம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. கழற்றி மாட்டும் பேனல்களின் கேப்பை யாரும் திருத்தி ஏமாற்ற முடியும். வெல்டு செய்த குவார்ட்டர் பேனல், பில்லர், கூரை ஆகியவற்றை ஒட்டிய கேப்பில் அது கடினம். அதனால் பின் கதவு–குவார்ட்டர் கேப்பை நான் எப்போதும் அதிகம் நம்புவேன்.

அறிகுறி: எண்ணும் சரி, கேப்பும் சரி, ஆனாலும் பேனல் புதியது

கேஜ் தோற்கும் இடம் இது. அடிப்பூச்சோடு வரும் புதிய ஃபெண்டரில் ஒழுங்காக நிறமும் கிளியரும் அடித்தால் 130 மைக்ரானிலேயே நின்றுவிடும். இங்கே போல்ட்டைப் பாருங்கள். பானட்டைத் திறந்தால் ஃபெண்டரின் மேல் விளிம்பில் ஒரு வரிசை போல்ட் தெரியும். தலையின் மூலைகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, வாஷர் நகர்ந்து அதன் பழைய இடத்தில் பிறை வடிவில் வெறும் உலோகம் தெரிகிறதா என்று தேடுங்கள். சில கார்களில் தொழிற்சாலையிலேயே பெயின்ட் அடிக்காத போல்ட் போடுவார்கள், அதனால் எதிர்ப்பக்கத்து ஃபெண்டரோடு ஒப்பிடாமல் முடிவு செய்ய வேண்டாம். கதவில் கீல் போல்ட்டோடு கூட, உள் மடிப்பின் ஓரத்தில் தகட்டு இணைப்பை அடைத்து ஓடும் சீலரையும் பாருங்கள். தொழிற்சாலைச் சீலர் ஒரே அகலத்தில் ஓடும். கையால் போட்டது அகலம் மாறியும், நகம் வைத்தால் பதிவதாகவும் இருக்கும்.

ஒரு காரை முழுவதுமாகப் பார்த்தால்

இரும்பு உடல் கொண்ட ஒரு செடான். கூரை 105 முதல் 118. பானட், வலது பக்கம் முழுவதும், இடது முன் கதவு, டிக்கிக் கதவு எல்லாம் 100 முதல் 125க்குள். இடது பின் கதவில் முன் விளிம்பருகே 165, பின் விளிம்பருகே 195. இடது குவார்ட்டர் பேனலில் 240 முதல் 280, சக்கர வளைவுக்குப் பின்னால் விளக்கை நோக்கி ஒரு சாண் அகலத்தில் 900 முதல் 1450. பின் பில்லரில் கேஜை மேலே நகர்த்தினால் 230, 180, 140, கூரையை நெருங்கும்போது 115.

பின் கதவின் எண் பின்னோக்கிக் கூடுவதால் அது நிறம் கலைத்த கதவு, அதற்கு அடி விழவில்லை. பில்லரில் எண் படிப்படியாகக் குறைந்து போகிறது, ஒடுக்கமான தாவல் எங்கும் இல்லை. ஆக மேல்பக்கத்தில் வெட்டவில்லை, கிளியரை அங்கே கரைத்து முடித்திருக்கிறார்கள். குவார்ட்டர் பேனல் பழையதுதான், அதில் பட்டி போட்டிருக்கிறது.

இனி கேப். இடது பின் கதவுக்கும் குவார்ட்டருக்கும் நடுவே மூன்று இடத்திலும் 4.5, வலதிலும் அப்படியே. எனவே பில்லர் நகரவில்லை. டிக்கிக் கதவின் வலது கேப் மேலிருந்து கீழ்வரை 4. இடதில் மேலே 4, நடுவே 3.5, கீழே 2.3. டிக்கிக் கதவு கோணலாகத் தொங்கினால் வலது கேப்பும் மாறியிருக்கும். அது மாறவில்லை, கதவின் பெயின்டும் கீல் போல்ட்டும் தொடப்படவில்லை. ஆகவே நகர்ந்தது திறப்பின் இடது கீழ் மூலை. பின்னால் இடது மூலையில் அடி வாங்கி, தகட்டை இழுத்தபோது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளேயே நின்றுவிட்டது.

கேள்வி இப்போது ஒன்றுதான்: அடி வெளித் தகட்டோடு நின்றதா, உள்ளே போனதா. டிக்கி ரப்பரை இடது கீழ் மூலையில் ஒரு முழம் உரித்தெடுங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு சிறு வட்டக் குழிகளாகச் சம இடைவெளியில் வரிசையாகத் தெரியும். குழிகள் காணாமல், தேய்த்து மட்டம் செய்த வட்டங்களோ புடைப்புகளோ தெரிந்தால் பின் தகடு மாற்றப்பட்டிருக்கிறது. ரப்பரைத் திரும்ப அழுத்தி மாட்டிவிட்டு, தரை விரிப்பையும் ஸ்டெப்னியையும் எடுத்து, இடது மூலையின் சீலரையும் தகட்டின் அலைவுகளையும் வலது மூலையோடு ஒப்பிடுங்கள். பிறகு டேப்பால் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளங்கள், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கும், வலது மேலிருந்து இடது கீழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே போல்ட் ஓட்டையையோ ஒரே மடிப்பையோ புள்ளியாகக் கொண்டால்தான் அளவு நிற்கும்.

மூலைவிட்டங்கள் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்து, ஸ்பாட் வெல்டும் சீலரும் பழையபடி இருந்தால், இது வெளித் தகட்டில் பட்ட சேதம். பட்டி உள்ள பகுதியைப் பிற்காலத்தில் மறுபடி வேலை செய்ய வேண்டி வரும் என்று கணக்கிட்டு விலை பேசலாம். மூலைவிட்டம் இதைத் தாண்டி விலகினாலோ, இடது தரையில் மட்டும் புதிய சீலர் இருந்தாலோ, லிஃப்ட்டில் ஏற்றி இடது பின் சட்டத்தின் அடியில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் லிஃப்ட்டுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுங்கள்.